பெரிய கோயில் கல்வெட்டுப் பத்தி: பயிற்சித்தாளில் மதிப்பெண் எங்கே போகிறது?

தஞ்சை, கும்பகோணம் பக்கத்து வரலாற்று வகுப்புகளில் பயிற்சித்தாள் என்றால் பெரிய கோயில் கல்வெட்டு வராமல் இருக்காது. பத்து வரி கொடுத்து, கீழே மூன்று கேள்வி: யார் எழுதியது, ஏன் எழுதினார்கள், எவ்வளவு நம்பலாம்? "இராஜராஜன் எழுதினான், புகழுக்காக எழுதினான், கல்லில் இருப்பதால் நம்பலாம்" என்பதே பெரும்பாலும் வரும் விடை. மூன்றுமே அரைகுறை.

முதல் கேள்வியில் சறுக்குவது, பேசியவரையும் எழுதியவரையும் ஒருவராக நினைப்பதால். விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள புகழ்பெற்ற பத்தியில், நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றவர்கள் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்று அரசர் "திருவாய்மொழிஞ்சருள" வெட்டியதாக வருகிறது. "நாம்" என்பது அரசரின் குரல். "திருவாய்மொழிஞ்சருள" என்பதோ அரசரைப் பற்றி இன்னொருவர் மரியாதையோடு சொல்வது. ஆணையிட்டவர் அரசர், வாசகம் எழுதியவர் அலுவலர், உளி பிடித்தவர் வேறு ஆள். விடையில் இந்த மூவரையும் பிரித்துச் சொன்னாலே போதும். பெயர் தெரியாத எழுத்தருக்கு ஒரு பெயரைக் கற்பித்துக்கொள்ள வேண்டாம்.

காலம் கணக்கிடும்போதும் இங்கேயே ஒரு பிழை நேர்கிறது. ஆணை 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில் பிறந்தது. ஆட்சி தொடங்கியது 985இன் நடுவில். 985உடன் 26ஐக் கூட்டி 1011 என்று எழுதுகிறார்கள். தொடங்கிய ஆண்டே முதல் ஆண்டு என்பதால் 25ஐத்தான் கூட்ட வேண்டும், விடை 1010.

அதிகம் பிசகுவது மூன்றாவது கேள்வியில்தான். கல்வெட்டு முழுவதும் ஒரே சரக்கு அல்ல. தொடக்கத்தில் "திருமகள் போல" என்று வருவது மெய்க்கீர்த்தி: காந்தளூர்ச் சாலை, வேங்கை நாடு, ஈழமண்டலம், இரட்டபாடி ஏழரை இலக்கம் என வென்ற நாடுகளை அடுக்கும் புகழ்ப் பகுதி. அதற்குப் பின் வருவது கொடைக் கணக்கு. 25ஆம் ஆண்டு 275ஆம் நாள், விமானத்தின் உச்சியில் வைக்கக் கொடுத்த செப்புக்குடம் 3083 பலம், அதன் மேல் போர்த்த பொன் தகடு 2926½ கழஞ்சு என்று அரைக் கழஞ்சைக்கூட விடாமல் எழுதியிருக்கிறது. பொன் கொடைகளை "ஆடவல்லான்" என்னும் எடைக்கல்லால் நிறுத்ததாகவும் குறிப்பு உண்டு. இது பின்னால் எவரும் பொருளைக் குறைத்துவிடாதபடி எழுதி வைத்த கணக்கு. ஆக "ஏன் எழுதினார்கள்" என்ற கேள்விக்கும் இரண்டு விடை: முன்பகுதி பெருமைக்கு, பின்பகுதி பொறுப்புக்கு. "நம்பலாம்" அல்லது "நம்ப முடியாது" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் இந்த வேறுபாடு காணாமல் போகும்.

இரட்டபாடியை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். அது மேலைச் சாளுக்கியர் நாடு. மெய்க்கீர்த்தியை அப்படியே எடுத்தால் நாடு முழுவதும் சோழர் கைக்கு வந்துவிட்டது என்றாகும். ஆனால் சாளுக்கிய அரசன் சத்தியாசிரயன் தொடர்ந்து ஆண்டான். அவன் தரப்பில் வெட்டிய ஹொட்டூர்க் கல்வெட்டு (1007), சோழன் ஒன்பது லட்சம் படையோடு வந்து நாட்டைச் சூறையாடினான் என்றும், அவனைத் துரத்திவிட்டோம் என்றும் சொல்கிறது. உடனே "அப்படியானால் ஹொட்டூர்தான் உண்மை" என்று மறுபக்கம் சாய்வது அடுத்த தவறு. அதுவும் அரசன் பெருமை பாடும் கல்தான். ஒன்பது லட்சம் என்பது எதிரியைப் பெரிதாக்கி, துரத்தியவனை இன்னும் பெரிதாக்கும் எண். இரு பகைவரும் ஒப்புக்கொள்வது ஒன்றுதான்: சோழர் படை சாளுக்கிய நாட்டுக்குள் புகுந்து போரிட்டது. அதை உறுதியாக எழுதலாம்.

"இதே செய்தி பல கோயில்களில் இருக்கிறது, எனவே உண்மை" என்ற வாதமும் அடிக்கடி வருகிறது. மெய்க்கீர்த்தி அரசவையிலிருந்து வந்த ஒரே வாசகம். டெல்டா ஊர்களில் விளக்குக்கு ஆடு கொடுத்த ஆவணத்திலும் நிலம் விற்ற ஆவணத்திலும் அதைத் தலைப்பில் போட்டார்கள். பத்து ஊரில் இருந்தாலும் சாட்சி ஒன்றே.

நம்பகத்துக்கான விடை இந்த அளவில் இருந்தால் சரி: "1010இல் கோயிலுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று அறிய இப்பத்தியின் கொடைப் பகுதி வலுவான சான்று. போரின் முடிவை அறிய மெய்க்கீர்த்தி மட்டும் போதாது. ஹொட்டூர்க் கல்வெட்டோடு ஒப்பிட வேண்டும். கோயிலுக்குக் கல் சுமந்தவர்கள் பட்ட பாட்டைப் பற்றி இப்பத்தி எதுவும் சொல்லவில்லை."