மாவை மட்டும் மாற்றினால் கார்ப் குறையுமா? பாதாம் மாவில் பலர் செய்யும் தவறுகள்

கார்ப் குறைக்கிறேன் என்று கோதுமை மாவை எடுத்துவிட்டு அதே அளவு பாதாம் மாவைப் போட்டு, மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிடுவதுதான் முதல் தவறு. 12 மஃபினுக்கு 250 கிராம் முழுக்கோதுமை மாவு, 150 கிராம் சர்க்கரை, 115 கிராம் வெண்ணெய், 2 முட்டை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

100 கிராம் கோதுமை மாவில் சுமார் 72 கிராம் கார்ப், அதில் உடலில் செரிக்காத நார்ச்சத்து 11 போனால் மீதி 61. பாதாம் மாவில் மொத்தமே 20 தான், நார்ச்சத்து போக 10. ஆக ஒரு மஃபினில் மாவால் வரும் கார்ப் 13 கிராமிலிருந்து 2 கிராமாக இறங்குகிறது. நல்ல இறக்கம்தான், ஆனால் சர்க்கரை மட்டுமே ஒரு மஃபினுக்கு 12.5 கிராம் கொடுக்கிறதே! அதைத் தொடாமல் விட்டால் 25-ல் தொடங்கிய நீங்கள் 14-க்குப் பக்கத்தில்தான் நிற்பீர்கள். எரித்ரிடால் மாதிரி ஏதாவது இனிப்பூட்டிக்கு மாறினால்தான் மாவை மாற்றியதற்கே அர்த்தம்.

நார்ச்சத்தைக் கழிக்கும்போதும் கொஞ்சம் கவனம் வேண்டும். சில நாட்டு லேபிள்களில் கார்ப் எண்ணே நார்ச்சத்து நீங்கலாகத்தான் இருக்கும், அதிலிருந்து இன்னொரு முறை கழித்தால் பாதாம் மாவில் கார்ப்பே இல்லை என்று காகிதத்தில் வந்துவிடும்.

அடுத்தது கொழுப்பு. கோதுமை மாவில் 100 கிராமுக்கு 2 அல்லது 3 கிராம், பாதாமில் 50. கலோரியும் 340-க்குப் பதில் 580 பக்கம் போகிறது, அதாவது மாவு மாறியதாலேயே மஃபினுக்கு 50 கலோரி கூடுதல். கார்ப் குறைவு என்றால் கலோரியும் குறைவு என்று நினைத்து இரண்டுக்கு நான்காகச் சாப்பிட்டால் கதை அவ்வளவுதான்.

மாவிலேயே அவ்வளவு எண்ணெய் இருக்க, 115 கிராம் வெண்ணெய் எதற்கு? அப்படியே விட்டால் பேப்பர் கப்பின் அடியில் எண்ணெய் ஊறி நிற்கும், பார்த்தாலே தெரியும். 60 கிராம் போதும்.

புரதம் பாதாமில் 21, கோதுமையில் 13, அதனால் பாதாம் மாவு இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படியில்லை, மாவைப் பிணைத்து நிறுத்துவது குளூட்டன், அது பாதாமில் கிடையாது. அந்த வேலையை முட்டைதான் செய்ய வேண்டும், அதனால் 2 முட்டையை 4 ஆக்குங்கள். அப்புறம், பாதாம் மாவு சீக்கிரம் சிவக்கும், மேலே நிறம் வந்துவிட்டது என்று எடுத்தால் நடுவில் ஈரமாகவே இருக்கும். 180 டிகிரிக்குப் பதில் 160-ல் வைத்து, குச்சி குத்திப் பார்த்து எடுங்கள். சூட்டோடு கப்பிலிருந்து உரித்தால் பொலபொலவென்று உதிரும், நன்றாக ஆறும்வரை தொடாதீர்கள்.