எங்கள் சந்தின் சார்பு விகிதம்: நோட்டில் போட்டுப் பார்க்கும் ஒரு கணக்கு

கன்னியாகுமரி ஜில்லாவில், மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் சந்தில் 25 வீடுகள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 40 பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் எல்லோருடைய வயதையும் எழுதி வந்தேன். சம்பாதிக்கிற வயதினர் 100 பேரை எத்தனை பேர் சார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லும் 'சார்பு விகிதம்' செய்தியில் அடிக்கடி வருகிறதே, அதை ஒருமுறை கையாலேயே போட்டுப் பார்க்கலாமே என்றுதான். நீங்களும் உங்கள் தெருவுக்குப் போட்டுப் பார்க்கலாம். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

படி 1: மூன்று கட்டம் போடுங்கள்

பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: 0 முதல் 14 வயது, 15 முதல் 59 வயது, 60ம் அதற்கு மேலும். நடுக்கட்டத்தில் இருப்பவர்கள் சம்பாதிக்கிற வயதினர், மற்ற இரண்டும் அவர்களைச் சார்ந்திருப்போர் என்பது கணக்கின் அனுமானம்.

ரேஷன் கார்டை வைத்து எண்ணியதில் எங்கள் சந்தில் 118 பேர். சிறுவர் 22, நடு வயதினர் 72, முதியவர் 24.

இங்கே ஒரு எச்சரிக்கை. வயதானவர்களிடம் வயது கேட்டால் 60, 65, 70 என்று முழு எண்ணாகத்தான் வரும். உங்கள் நோட்டில் 60 வயதுக்காரர் ஐந்து பேர் இருந்து, 61 வயதுக்காரர் ஒருவர்கூட இல்லை என்றால் வயது உருட்டிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நான் ஒரு வழி செய்தேன். "நம்ம ஜில்லா 1956 நவம்பர் 1ல தமிழ்நாட்டோட சேர்ந்தப்ப நீங்க பிறந்தாச்சா?" என்று கேட்டேன். ஆமாம் என்றால் அவர் 65ஐத் தாண்டியவர், சந்தேகமே இல்லை. வீட்டில் அண்ணன் தம்பி வயதை வைத்தும் சரிபார்க்கலாம்.

படி 2: வகுத்துப் பாருங்கள்

```
சார்பு விகிதம் = (0–14 வயதினர் + 60+ வயதினர்) ÷ (15–59 வயதினர்) × 100
(22 + 24) ÷ 72 × 100 = 63.9
```

நடு வயதினர் 100 பேருக்குச் சார்ந்திருப்போர் 64 பேர். இந்த 64ஐ அப்படியே விட்டுவிடாதீர்கள், இரண்டாக உடையுங்கள். சிறுவர் பங்கு 30.6, முதியவர் பங்கு 33.3. ஐம்பது வருடத்துக்கு முன் இதே சந்தில் கணக்கெடுத்திருந்தால் மொத்தம் இதைவிடக் கூடுதலாகவே வந்திருக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு பிள்ளைகள். பிள்ளைக்குச் செலவழித்தால் பதினைந்து வருடத்தில் நடுக்கட்டத்துக்கு ஒரு ஆள் வருவார். முதியவர் கட்டத்திலிருந்து யாரும் திரும்பி வரப்போவதில்லை. பிள்ளைகள் குறைந்து, முதியவர்கள் இன்னும் பெருகாத இடைக்காலத்தில்தான் வீட்டில் காசு மிஞ்சும், நாட்டில் முதலீடு நடக்கும். தமிழ்நாட்டில் அந்தக் காலம் முடியும் பக்கம் வந்துகொண்டிருக்கிறது.

2021க்கான மதிப்பீட்டில் முதியோர் சார்பு விகிதம் இந்தியாவுக்கு 15.7, தமிழ்நாட்டுக்கு 20.5, கேரளத்துக்கு 26.1. 33.3 வந்த எங்கள் சந்து கேரளத்தையே முந்திவிட்டது. 25 வீட்டை வைத்து ஜில்லாவையே எடைபோடக் கூடாதுதான், ஆனாலும் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது.

படி 3: எல்லை எது என்று பாருங்கள்

உலக வங்கி போன்ற அமைப்புகள் நடுக்கட்டத்தை 15 முதல் 64 என்று எடுக்கின்றன. எங்கள் சந்தில் 60 முதல் 64 வயது வரை 7 பேர். அவர்களை நடுக்கட்டத்துக்கு மாற்றினால் (22 + 17) ÷ 79, அதாவது 49.4. ஒரு ஆள்கூட மாறவில்லை, 64 என்பது 49 ஆகிவிட்டது! ஜப்பானையும் இந்தியாவையும் ஒப்பிடும் கட்டுரையைப் படித்தால் முதலில் இந்த எல்லையைத் தேடுங்கள். அது சொல்லப்படவில்லை என்றால் ஒப்பீட்டை நம்ப வேண்டாம்.

படி 4: கார்டில் இருப்பவர் ஊரில் இருக்கிறாரா?

நம் ஜில்லாவுக்கு இதுதான் பெரிய சிக்கல். 72 பேரில் 14 பேர் வளைகுடாவிலோ சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். ஊரில் இருக்கும் 58 பேரை மட்டும் வைத்து வகுத்தால் விகிதம் 79க்கு ஏறிவிடும். எது சரி? பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் 72தான் சரி, அந்த 14 பேரும் மாதாமாதம் அனுப்புகிறார்கள். ராத்திரி நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிக்கு யார் தூக்கிப்போவது என்று கேட்டால் 58தான் சரி. கேள்விக்குத் தகுந்த எண்ணை எடுங்கள்.

படி 5: ஓய்வூதியக் கணக்கு

இப்போது எங்கள் சந்து முழுவதையும் ஒரு நாடாக நினைத்துக்கொள்ளுங்கள். உழைப்பவர் எல்லோருக்கும் மாதம் 18,000 ரூபாய் சம்பளம், முதியவர் எல்லோருக்கும் அதில் பாதி, 9,000 ரூபாய் ஓய்வூதியம். இந்த மாதம் பிடிக்கிற பணத்தை இந்த மாதமே முதியவருக்குக் கொடுத்துவிடுகிறோம். பழைய ஓய்வூதியமும், வரிப்பணத்தில் தரும் முதியோர் உதவித்தொகையும் அடிப்படையில் இப்படித்தான் நடக்கின்றன.

```
பிடித்தம் % = ஓய்வூதியம் சம்பளத்தில் எத்தனை % × (முதியவர் ÷ உழைப்பவர்)
50% × (24 ÷ 72) = 16.7%
```

சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு. தாங்கலாம் போலத் தோன்றும். ஆனால் 72 பேரும் சம்பாதிக்கிறார்களா என்ன? 13 பேர் படிக்கிறார்கள், 16 பெண்கள் வீட்டு வேலை பார்க்கிறார்கள், 4 பேர் வேலை தேடுகிறார்கள். மீதி 39. அப்போது பிடித்தம் 30.8% ஆகிறது. சார்பு விகிதம் சொல்லாமல் விடுவது இதைத்தான்: வயது வேறு, வருமானம் வேறு.

இனி எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அந்த 16 பெண்களில் 8 பேர் முந்திரி உடைக்கும் அண்டி ஆபீஸுக்கோ கடைக்கோ வேலைக்குப் போனால் உழைப்பவர் 47, பிடித்தம் 25.5%. ஓய்வு வயதை 65 ஆக்கினால் இன்னும் வேகமாக இறங்கும். வாங்குபவர் 24லிருந்து 17 ஆகிறார்கள். அந்த ஏழு பேரில் இப்போதும் வேலை செய்யும் நான்கு பேர் கொடுப்பவர் பக்கம் சேர, பழைய 39 பேர் 43 ஆகிறார்கள். பிடித்தம் 19.8%. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நகர்வதால்தான் அரசுகளுக்கு இந்த வழி இவ்வளவு பிடிக்கிறது. ஆனால் 62 வயதில் விடியற்காலையில் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மேடேறி ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மேசை வேலைக்காரர்கள் போட்ட திட்டம் என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

"என் பணம் என் கணக்குல இருக்கே"

நோட்டைக் காட்டியதும் பள்ளிக்கூட வாத்தியாரான என் பெரியப்பா மகன் சொன்னது இது. "எங்களுக்குத் தனித்தனிக் கணக்கு மக்கா. சந்துல பிள்ளை பிறந்தா என்ன, பிறக்காட்டி என்ன?" 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கு வந்த பங்களிப்புத் திட்டத்தில் சம்பளத்தில் 10% பிடித்து, அரசும் அதே அளவு போட்டு, அவரவர் பெயரில் கணக்கு வைத்தார்கள். எனவே மேலே போட்ட பிடித்தக் கணக்கு அவருக்குப் பொருந்தாது என்பது உண்மைதான்.

ஆனால் அண்ணன் வீட்டில் 18 தென்னை நிற்கிறது. மூன்று மாதமாகத் தேங்காய் வெட்டவில்லை. ஏறுகிறவர் ஊரில் ஒருவர்தான், அவருக்கும் வயது 57. கூலி ஏற்றித் தருகிறேன் என்று அண்ணன் போன் செய்தும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்கிறார். கணக்கில் எவ்வளவு பணம் இருந்தாலும், முதியவர் சாப்பிடுகிற சோறும் போடுகிற ஊசியும் அந்த வருடம் உழைக்கிறவர் கையிலிருந்துதான் வரவேண்டும். ஆள் குறைந்தால் கூலி ஏறும், சேர்த்த பணம் முன்பு வாங்கியதை இப்போது வாங்காது.

நேற்று ஒரு ஜார்க்கண்ட் பையனைத் தென்னை ஏற ஏற்பாடு செய்திருப்பதாக அண்ணன் சொன்னார். அவனுக்கு வயது 22, குடியிருப்பது எங்கள் சந்தின் கடைசி வீட்டு மாடியில். அவன் பெயர் எந்த ரேஷன் கார்டிலும் இல்லை, என் நோட்டிலும் இல்லை. 58 பேர் என்று எழுதியதை அடித்துவிட்டு, அவனையும் அவன் அறையில் இருக்கும் மூன்று பேரையும் சேர்த்து 62 என்று எழுதினேன்.