மாத்திரைய நுணுக்கி குடுக்குறதுக்கு முன்னாடி ஸ்ட்ரிப்ப ஒரு தடவ திருப்பி பாருங்க

"எப்படியும் வயித்துக்குள்ள போய் கரையத்தானே போகுது, நாமளே நுணுக்கி குடுத்தா என்ன?" மெடிக்கல் ஷாப்புல பார்மசிஸ்ட்டா நிக்கிற எனக்கு இந்த கேள்வி புதுசில்ல. எல்லா மாத்திரையும் ஒரே மாதிரி கரையிறதுக்காக செஞ்சது இல்ல, சிலது பன்னெண்டு மணி நேரமோ இருபத்திநாலு மணி நேரமோ எடுத்து கொஞ்சம் கொஞ்சமா மருந்த விடுற மாதிரி செஞ்சிருப்பாங்க, அத இடிச்சீங்கன்னா நாள் முழுக்க போக வேண்டிய மருந்து கொஞ்ச நேரத்துல மொத்தமா ரத்தத்துல ஏறிடும். இத படிச்சு பாஸ் பண்ணின எங்க வீட்டுலயே இந்த தப்பு நடந்துச்சு.

எங்க மாமனாருக்கு ஸ்ட்ரோக் வந்து டிஸ்சார்ஜ் ஆனப்போ முழுங்குறது சிரமமா இருந்துச்சு. கிளம்புறப்போ "எல்லாத்தையும் நுணுக்கி குடுங்க"ன்னு ஒரே வரியில சொல்லி அனுப்பிட்டாங்க. எது எதுன்னு பிரிச்சு சொல்லல. மறுநாள் நான் காலையிலயே கடைக்கு போயிட்டேன், அத்தை எட்டு மணிக்கு அஞ்சு மாத்திரையையும் இஞ்சி தட்டுற இடிகல்லுல போட்டு மாவாக்கி ஒரு டம்ளர் கஞ்சியில கலந்து குடுத்துருக்காங்க. ஒன்பது மணிக்கு போன், "உன் மாமாவுக்கு மூஞ்செல்லாம் செவந்து போச்சும்மா, தலை சுத்துதுங்கறாரு, நெஞ்சு படபடங்குதாம்". வீட்டு மெஷின்ல பாக்க சொன்னேன், பிபி 92/54, பல்ஸ் 112. அன்னிக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு பாத்தா அதே ஆளுக்கு 176/98.

காரணம் பிபிக்கு குடுத்த நிஃபெடிபின் ரிடார்ட் 20. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ஒவ்வொண்ணும் பன்னெண்டு மணி நேரத்துக்கு நின்னு வேலை செய்யணும். இடிச்சதும் அந்த 20 மில்லிகிராமும் சீக்கிரமா உள்ள போய் ரத்தக்குழாய் சட்டுன்னு விரிஞ்சிருச்சு, அதான் முகம் செவந்தது, பிபி விழுந்தது, விழுந்த பிபிய தூக்கி நிறுத்த இதயம் வேகமா அடிச்சது. சாயங்காலத்துக்குள்ள மருந்து தீந்து போச்சு, பிபி எகிறிருச்சு. ஸ்ட்ரோக் வந்த மூளைக்கு இந்த ஏத்தமும் ஆகாது, எறக்கமும் ஆகாது. மாத்திரை குடுத்து அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள தலைசுத்தல், அடுத்த வேளைக்கு முன்னாடி பிபி எகிறல், இந்த ரெண்டும் ஜோடியா வந்தா மொதல்ல இடிச்சு குடுத்ததத்தான் சந்தேகப்படணும்.

அப்படி ஆயிருந்தா படுக்க வைங்க, தலகாணிய எடுத்துட்டு கால கொஞ்சம் ஒசத்துங்க, எத்தன மணிக்கு எந்த மாத்திரை எத்தன மில்லிகிராம்னு எழுதி வச்சுக்கிட்டு டாக்டர கூப்பிடுங்க, ஆளு மயங்குனா 108. பிபி எறங்கிருச்சேன்னு குடிக்க எதையும் வாயில ஊத்தாதீங்க, முழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்கு போயிடும். அடுத்த டோஸையும் நீங்களா குடுக்காதீங்க, நீங்களா நிறுத்தியும் வைக்காதீங்க, கேட்டுட்டு செய்யுங்க.

இப்போ எத இடிக்கக்கூடாதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? ஸ்ட்ரிப்புல பேருக்கு பின்னாடி எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர், எக்ஸ்எல், சிஆர், பிஆர், எம்ஆர், ரிடார்ட், குரோனோன்னு ஏதாவது ஒட்டிக்கிட்டு இருந்தா கைய எடுத்துருங்க. எழுத்து இல்லேன்னா சரின்னு நெனைக்காதீங்க, பின்பக்கம் பொடி எழுத்துல புரொலாங்டு ரிலீஸ், சஸ்டெயின்டு ரிலீஸ், எக்ஸ்டெண்டட் ரிலீஸ்னு இருக்கான்னு பாருங்க. கேஸ்ட்ரோ ரெசிஸ்டன்ட், என்டெரிக் கோட்டட்னு இருந்தாலும் இடிக்கக்கூடாது, ஆனா அதுக்கு காரணம் வேற. பான்டோப்ரசோல் அந்த ரகம், மேல இருக்குற கோட்டிங் வயித்து அமிலத்துலேர்ந்து மருந்த காப்பாத்துது, இடிச்சா மருந்து அங்கயே கெட்டுப்போயிடும், ஆபத்து இல்ல ஆனா குடுத்தும் பிரயோஜனம் இல்ல. எல்லாத்துலயும் பயங்கரம் மார்ஃபின் எஸ்ஆர் தான், கேன்சர் வலிக்கு குடுக்குறது, அத இடிச்சு குடுத்தா மூச்சே நின்னு போகலாம்.

நடுவுல கோடு போட்டிருக்கே, அப்போ இடிக்கலாமான்னு கேப்பாங்க. கோடு ஒடைக்கிறதுக்கு, இடிக்கிறதுக்கு இல்ல. மெட்டோப்ரோலால் எக்ஸ்எல்லுல பல கம்பெனி மாத்திரை உள்ளுக்குள்ள கடுகவிட பொடியான குருணையா இருக்கும், ஒவ்வொரு குருணைக்கும் தனித்தனியா கோட்டிங், அதனால பாதியா ஒடைச்சாலும் கோட்டிங் அப்படியே இருக்கும், இடிச்சா குருணை நசுங்கிடும். கேப்சூலும் இதே கதைதான். ஈசோமெப்ரசோல் கேப்சூல தொறந்து உள்ள இருக்குற குருணைய ஒரு ஸ்பூன் மசிச்ச ஆப்பிள்ல போட்டு கடிக்காம முழுங்க வைக்கலாம், ஆனா அந்த குருணைய நசுக்கக்கூடாது, சூடா இருக்குறதுலயும் பால்லயும் போட்டு ஊற வைக்கக்கூடாது. எல்லா கேப்சூலையும் இப்படி தொறக்கலாம்னு எடுத்துக்காதீங்க. டபிகட்ரான்னு ரத்தம் உறையாம இருக்க குடுக்குற ஒண்ணு இருக்கு, தொறந்து குடுத்தா வழக்கத்தவிட ரொம்ப அதிகமா ரத்தத்துல ஏறி ரத்தக்கசிவு வர வாய்ப்பு கூடிடும்.

இன்னொன்னு, மெட்ஃபார்மின் எஸ்ஆர் சாப்பிடுறவங்களுக்கு சில நேரம் மலத்துல மாத்திரை மாதிரியே மெத்துன்னு ஒண்ணு வரும். "கரையாமயே வந்துருச்சு"ன்னு பயந்து அடுத்த நாள்லேர்ந்து இடிக்க ஆரம்பிச்சவங்க உண்டு. மருந்து உள்ள போயாச்சு, வெளிய வந்தது வெறும் கூடு.

இடிக்கக்கூடாதுன்னா அப்புறம் என்ன பண்றது? மாத்திரைய மாத்தணும், அத டாக்டர்தான் மாத்தணும். மாமாவுக்கு அன்னிக்கே போன்ல சொல்லி நிஃபெடிபின எடுத்துட்டு சாதா அம்லோடிபின் 5 ஒரு வேளைன்னு மாத்துனாங்க. அம்லோடிபின் நீண்ட நேரம் வேலை செய்யிறது மாத்திரையோட அமைப்பால இல்ல, அந்த மருந்தே உடம்ப விட்டு மெதுவா போற ரகம், அதனால நுணுக்குனாலும் கெடாது. மெட்ஃபார்மின் எஸ்ஆர் 1000 ஒரு வேளைங்கறது சாதா 500 ரெண்டு வேளை சாப்பாட்டோடன்னு ஆச்சு. கோட்டிங் போட்ட ஆஸ்பிரினுக்கு பதிலா தண்ணியில கரையிற 75, பான்டோப்ரசோலுக்கு பதிலா ஈசோமெப்ரசோல் குருணை. அட்டோர்வாஸ்டாடின் மட்டும் அப்படியே நுணுக்கலாம்னு விட்டாங்க. வலிப்புக்கு வால்ப்ரோயேட் சிஆர் எடுக்குறவங்களுக்கு சிரப்பே இருக்கு, ஆனா அத ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவையா பிரிச்சு குடுக்கணும்.

நுணுக்கலாம்னு சொன்னத குடுக்குறதுலயும் அத்தை பண்ணின ஒரு விஷயத்த மாத்துனோம். ஒரு டம்ளர் கஞ்சியில கலந்தா அவரு பாதி குடிச்சுட்டு போதும்பாரு, பாதி மருந்து அடியில தங்கிடும். இப்போ மருந்துக்குன்னே தனி இடிகல்லு, ஒவ்வொண்ணா நுணுக்கி ஒரு ஸ்பூன் கெட்டி தயிர்ல கலந்து ஒடனே குடுக்குறது, இடிகல்லுல ஒட்டுனத இன்னும் கொஞ்சம் தயிரால வழிச்சு குடுக்குறது. தயிர் ஏன்னா, முழுங்குறத டெஸ்ட் பண்ணின ஸ்பீச் தெரபிஸ்ட் தண்ணி மாதிரி இருக்குறது வேண்டாம், கெட்டியா குடுங்கன்னு சொன்னாங்க. அந்த டெஸ்ட் பண்ணாம யாருக்கும் இத காப்பி அடிக்காதீங்க, சில ஆன்டிபயாடிக்கும் தைராய்டு மாத்திரையும் தயிரோட சேராது. நிமுந்து உக்கார வச்சு குடுத்துட்டு அரை மணி நேரம் அப்படியே உக்கார வைப்போம்.

மூணாவது நாள் காலை ஒன்பது மணிக்கு அத்தையே பிபி பாத்து போன் பண்ணுனாங்க, 138/84. "சாயங்காலமும் பாத்துட்டு சொல்றேன்"ன்னாங்க. சாயங்காலம் 142/86.