வீட்டில் திடீரென உடம்பு சரியில்லை: கைடிடம் தேதி தள்ளிக் கேட்பது எப்படி?

எம்.காம். கடைசி செமஸ்டரில், கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பால் சங்கங்களின் கணக்குகளை வைத்து ப்ராஜெக்ட் செய்துகொண்டிருந்தேன். முழு வரைவை மார்ச் 14, வெள்ளிக்கிழமை கைடிடம் கொடுக்க வேண்டும். 11-ஆம் தேதி செவ்வாய் இரவு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். அந்த இரவே கைடுக்கு வாட்ஸ்அப்பில், "சார், கொஞ்சம் டைம் வேணும்" என்று மட்டும் அனுப்பினேன். அவர் பாலக்காட்டு மலையாளி. "எப்ப தரும்?" என்று ஒரே வரியில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலை எப்படித் தயார் செய்வது என்றுதான் இங்கே சொல்கிறேன்.

1. எந்தத் தேதி நகரும் என்று பாருங்கள்

கல்லூரியில் சமர்ப்பிக்கும் நாள் மார்ச் 28. அதை கைடால் மாற்ற முடியாது. அவர் கையில் இருப்பது 14 மட்டும்தான். 28-லிருந்து பின்னோக்கி எண்ணினேன். பைண்டிங்குக்கு 26, 27 ஆகிய இரண்டு நாள், திருத்தம் போட 25. அப்படியானால் 24-க்குள் அவர் படித்து முடித்திருக்க வேண்டும். முழு வரைவையும் படிக்க அவருக்கு நான்கு நாளாவது ஆகும் என்பதால், எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுப்பதென்றால் 20-க்குமேல் கேட்கவே முடியாது.

2. உங்களால் முடிந்த தேதியைக் கணக்கிடுங்கள்

மிச்சமிருந்தது நான்காம் அத்தியாயமும் முடிவுரையும். சுமார் 20 மணி நேர வேலை. ஆஸ்பத்திரி நாட்களைப் பூஜ்யமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் மருந்துச்சீட்டு, பில், டாக்டர் வரும் நேரம் என்று நாள் போய்விடும். திருப்பூரில் இருக்கும் அண்ணன் சனி இரவு வருவதாகச் சொன்னான். ஞாயிறு நான் வீடு திரும்பலாம். திங்கள் முதல் தினமும் 5 மணி நேரம் வைத்தால் 20-ஆம் தேதி வியாழன் இரவு முடியும். அதன்மேல் ஒரு நாள் கூடுதலாக வைத்து 21, வெள்ளி மாலை என்று முடிவு செய்தேன்.

ஆனால் முதல் கணக்கின்படி 20-தானே எல்லை? முடிந்த மூன்று அத்தியாயங்களை உடனே அனுப்பிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். சார் அவற்றை முன்பே படித்துவிடுவார். 21-க்குப் பிறகு கடைசிப் பகுதி மட்டும் அவருக்கு மிச்சம்.

3. கடிதத்தை எழுதுங்கள்

நான் ஆங்கிலத்தில் மெயில் அனுப்பினேன். தமிழில் அது இப்படி வரும்:

> மதிப்பிற்குரிய சார்,
> என் அப்பாவுக்கு நேற்று இரவு மாரடைப்பு ஏற்பட்டு, கோயம்புத்தூரில் சேர்த்திருக்கிறோம். சனிக்கிழமை வரை நான்தான் உடனிருக்க வேண்டும். அதனால் 14-ஆம் தேதி முழு வரைவைக் கொடுக்க முடியாது. 21, வெள்ளி மாலை 5 மணிக்குள் தர அனுமதி கேட்கிறேன். முதல் மூன்று அத்தியாயங்களை இத்துடன் இணைத்துள்ளேன். மிச்சம் நான்காம் அத்தியாயமும் முடிவுரையும் மட்டுமே. கல்லூரியில் சமர்ப்பிக்கும் 28-ஆம் தேதியில் மாற்றம் இருக்காது. தேவைப்பட்டால் அட்மிஷன் சீட்டின் நகல் தருகிறேன்.

நோயைப் பற்றி ஒரு வரி போதும். ஸ்கேன் ரிப்போர்ட்டையோ படுக்கையில் இருப்பவரின் போட்டோவையோ அனுப்பாதீர்கள். அது அப்பாவின் அந்தரங்கம். "சூழ்நிலை சரியானதும்" என்றும் எழுத வேண்டாம். அதைப் படிக்கிறவருக்குத் தன் வேலையை எந்த நாளில் வைத்துக்கொள்வது என்று தெரியாது.

4. அனுப்பிய பிறகு

மெயில் போனதும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி சொல்லுங்கள். மறுநாள் வரை பதில் இல்லையென்றால் போனில் கூப்பிடுங்கள். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிய தேதியும் தவறும்போலத் தெரிந்தால் இரண்டு நாள் முன்பே, அதாவது 19-ஆம் தேதியே சொல்லிவிடுங்கள். 21 மாலை சொன்னால் அவரால் எதையும் மாற்றிவைக்க முடியாது.

கேட்ட தேதி அப்படியே கிடைக்கும் என்றில்லை. சார் வெள்ளிக்கிழமை ஊரில் இல்லை. 20 இரவுக்குள் வேண்டும் என்றார். கூடுதலாக வைத்த அந்த ஒரு நாள் போய்விட்டது. "நான்காம் அத்தியாயம் 20-ஆம் தேதி இரவு, முடிவுரை மட்டும் 21 காலை மெயிலில், சரியா சார்?" என்று கேட்டேன். அதற்குச் சம்மதித்தார். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்றும் விசாரித்தார்.