மாதிரி நீர் வடிகட்டி: செயல்திட்டக் குறிப்பும் மதிப்பெண் தாளும்

வடிகட்டி செய்வதற்கு விளக்கங்கள் நிறையவே கிடைக்கின்றன. பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, வாயில் துணி கட்டி, மரக்கரி, மெல்லிய மணல், பருமணல், சரளை என்று கீழிருந்து மேலாக நிரப்புவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பத்துக் குழுக்கள் செய்துவந்து நிறுத்தும்போது எதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது? “தண்ணீர் தெளிவாக இருக்கிறது: 8/10” என்று எழுதினால், பக்கத்துக் குழு வந்து “எங்களுக்கு ஏன் 7?” என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்லும்படி ஒரு தாள் தயாரிப்பதுதான் இந்தப் பதிவு.

1. குறிப்பை எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். வடிகட்டியின் உடல் 1 லிட்டர் பாட்டில். உள்ளே மணல், சரளை, மரக்கரி, பஞ்சு, துணி மட்டும். தண்ணீரில் எதையும் கலக்கக் கூடாது. வடிந்த தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது. கண்ணாடிபோலத் தெரிந்தாலும் கிருமிகள் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தக் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

மணலையும் கரியையும் கழுவிய நீர் தெளியும்வரை அலசச் சொல்லுங்கள். அலசாத கரி, ஊற்றிய சேற்றுநீரைவிடக் கறுப்பான தண்ணீரைத் தரும்.

2. சோதனைத் தண்ணீர்

ஒவ்வொரு குழுவுக்கும் தனி பாட்டிலில் 1 லிட்டர் தண்ணீர், சலித்த தோட்டமண் 2 மேசைக்கரண்டி. நன்றாகக் குலுக்கி, சரியாக 1 நிமிடம் வைத்து, மேலே நிற்கும் கலங்கலை மட்டும் ஊற்றிப் பயன்படுத்த வேண்டும். ஒரே வாளியில் கலக்கி முகந்து கொடுத்தால், கடைசியாக வருபவருக்கு மண் படிந்துபோன நல்ல தண்ணீர் கிடைத்துவிடும்.

3. தெளிவை அளப்பது

இங்கேதான் பொறுமை வேண்டும். உயரமான, தட்டையான அடி கொண்ட கண்ணாடி அளவுசாடி ஒன்றை எடுங்கள். (பிளாஸ்டிக் வேண்டாம், கீறல் விழுந்து பார்வையை மறைக்கும்.) வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டு அதன்மேல் சாடியை வையுங்கள். மேலிருந்து நேராகப் பார்த்தபடி தண்ணீரை மெல்ல ஊற்றி, குறி மறையும் கணத்தில் நிறுத்தி உயரத்தை அளவுகோலால் அளக்க வேண்டும். அதிக உயரம் என்றால் அதிகத் தெளிவு. 25 செ.மீ. நிரம்பியும் குறி தெரிந்தால் 25 என்றே எழுதுங்கள். எல்லாக் குழுவுக்கும் பார்ப்பவர் ஒருவராகவே இருக்கட்டும், வெளிச்சமும் மாறக் கூடாது. அளப்பதற்கு முன் வடிநீரை ஒருமுறை கலக்கிவிடுங்கள்.

4. மதிப்பெண் தாள் (மொத்தம் 40)

- தெளிவு: 20
- வேகம்: 10
- படமும், ஒவ்வோர் அடுக்குக்கும் காரணமும்: 5
- முதல் சோதனைக்குப் பிறகு செய்த மாற்றமும் அதன் விளைவும்: 5

தெளிவுக்கு: வடித்தபின் உள்ள உயரத்திலிருந்து வடிக்கும் முன் இருந்த உயரத்தைக் கழியுங்கள். அதை, 25-இலிருந்து முன் உயரத்தைக் கழித்து வருவதால் வகுத்து, 20-ஆல் பெருக்குங்கள்.

வேகத்துக்கு: 300 மி.லி. வடிய 10 நிமிடத்துக்குள் என்றால் 10, 20 நிமிடத்துக்குள் என்றால் 6, அதற்கு மேல் 2. ஐந்து நிமிடத்தில் முடித்தவருக்குக் கூடுதல் பரிசு கிடையாது. கொடுத்தால் எல்லோரும் சரளையை மட்டும் நிரப்பிக்கொண்டு வருவார்கள்.

இரண்டு குழுக்களைப் போட்டுப் பார்ப்போம். இருவருக்கும் முன் உயரம் 5 செ.மீ. முதல் குழு பஞ்சை இறுக்கித் திணித்திருக்கிறது; பின் உயரம் 19, நேரம் 25 நிமிடம். தெளிவு 14, வேகம் 2, ஆக 16. இரண்டாவது குழு ஒழுங்காக அடுக்கியிருக்கிறது. பின் உயரம் 17, நேரம் 7 நிமிடம். தெளிவு 12, வேகம் 10, ஆக 22. தெளிவில் மட்டும் மதிப்பெண் போட்டிருந்தால் பஞ்சுதான் ஜெயித்திருக்கும்.

பின்சேர்க்கை: “எல்லாக் குழுவுக்கும் 25 வருகிறதே” என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், அவர்கள் மணலை முன்பே நல்ல தண்ணீரால் நனைத்திருந்தார்கள். நனைப்பது சரிதான். ஆனால் மணல் இடுக்கில் தங்கிய அந்த நல்ல தண்ணீர்தான் முதலில் வெளியே வரும். முதல் 200 மி.லி.யைக் கொட்டிவிட்டு, அடுத்த 300 மி.லி.க்கு நேரமும் தெளிவும் பாருங்கள்.

இன்னொருவரின் மாணவி படிகாரம் போட்டு அசத்தியிருக்கிறாள். படிகாரம் நுண்ணிய களிமண் துகள்களைத் திரட்டிப் படியவைக்கும். அது வடிகட்டலுக்கு முந்தைய வேறொரு வேலை. அதை அனுமதிப்பதாக இருந்தால் எல்லாக் குழுவுக்கும் அனுமதித்து, படிய விடும் நேரத்தையும் வேகக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.