பெட்ரோலில் மண்ணெண்ணெய்: சோதிக்கும்போது நேரும் தவறுகள்

கலப்படத்தைக் கண்டுபிடிக்க முதலில் எல்லோரும் எடுப்பது வடிதாளைத்தான். ஒரு சொட்டு பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் கறையின்றி ஆவியாக வேண்டும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை தங்கும். ஆனால் கறை இல்லை என்பதால் பெட்ரோல் சுத்தம் என்று முடிவு கட்டுவது தவறு. ஹெக்சேன் போன்ற லேசான கரைப்பான்களும் தடமில்லாமல் ஆவியாகிவிடும். டீசல் எப்படியும் கறை விடும் என்பதால், அதற்கு இந்தச் சோதனை உதவாது.

அடுத்த தவறு, அடர்த்தியை வெப்பநிலை பார்க்காமல் படிப்பது. பங்க் பதிவேட்டில் 15 டிகிரியில் அடர்த்தி கன மீட்டருக்கு 740 கிலோ என்று இருக்கிறது. ஜாடியில் ஹைட்ரோமீட்டர் 733 காட்டுகிறது. 'குறைவாகத்தானே இருக்கிறது, கனமான மண்ணெண்ணெய் இல்லை' என்று தோன்றும். தெர்மாமீட்டர் 30 டிகிரி என்றால் கணக்கு மாறிவிடும். டிகிரிக்குச் சுமார் 0.9 வீதம் குறைந்து, நல்ல பெட்ரோல் 727 அருகில் நிற்க வேண்டும். 6 கூடுதல். மண்ணெண்ணெயின் அடர்த்தி சுமார் 800 என்பதால், பத்தில் ஒரு பங்கு கலந்தாலே இந்த வித்தியாசம் வரும். லேசான கரைப்பானையும் சேர்த்துச் சமன்செய்திருந்தால் இந்தச் சோதனையும் ஏமாறும். அப்போது ஆய்வகத்தில் காய்ச்சி வடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகக் குறைவு. அதனால் மேட்டில் ஏறும்போது இன்ஜின் தட்டும். 'ஆக்டேன் பூஸ்டர்' ஊற்றினால் தட்டல் ஒருவேளை அடங்கலாம். ஆனால் ஆவியாகாத கனப்பகுதி அப்படியே இருக்கும். அது அரைகுறையாக எரிந்து ஸ்பார்க் பிளக்கில் கரியாகப் படியும், புகையையும் கூட்டும். எரியாமல் வெளியேறுவது கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் எரிந்து அதைச் சூடாக்கிக் கெடுக்கும். மீதி, சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு ஆயில் சம்புக்கு இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறி, எரிபொருள் வாடையும் அடித்தால் அதுதான் காரணமாக இருக்கும். 'ஆயில் குறையவே இல்லை' என்று மகிழ்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டேங்கை மட்டும் காலி செய்தால் போதாது, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும்.

டீசலில் கதை வேறு. மண்ணெண்ணெய் கலந்த உடனே புகை அதிகரிக்காது, குறையவும் செய்யலாம். அதனால்தான் பலர் தைரியமாகத் தொடர்கிறார்கள். மண்ணெண்ணெய் நீர்த்தது, வழவழப்பும் குறைவு. டீசலே மசகாக இருக்கும் ஃபியூவல் பம்பும் இன்ஜெக்டரும் உராய்ந்து தேயும். தேய்ந்த நாசில் நுண்துளிகளாகத் தூவாமல் ஒழுகும்; கரும்புகை அப்போதுதான் தொடங்கும். அந்த நிலையில் நல்ல டீசல் ஊற்றினாலும் புகை நிற்காது. இன்ஜெக்டரைக் கழற்றி, அழுத்தமும் தூவலும் பெஞ்சில் சோதிக்க வேண்டியதுதான்.