டீ 'டூ குட்' என்றால் பாராட்டா, குறையா?

டீ பிரமாதம் என்று சொல்ல நினைத்து 'தி டீ இஸ் டூ குட்' என்கிறோம். நம்முடைய 'ரொம்ப' இரண்டு வேலை செய்வதால் வரும் வினை இது. 'ரொம்ப நல்லா இருக்கு' என்பதும் ரொம்ப, 'ரொம்பச் சூடு, குடிக்க முடியல' என்பதும் ரொம்ப. ஆங்கிலத்தில் முதலாவது வெரி, இரண்டாவது டூ.

டூ வந்தாலே அளவு மீறிவிட்டது, அதனால் ஏதோ ஒன்று முடியவில்லை என்று பொருள். 'டூ ஹாட் டு டிரிங்க்' என்றால் குடிக்கவே முடியாது. 'வெரி ஹாட்' என்றால் நல்ல சூடு, ஊதி ஊதிக் குடித்துவிடலாம். சந்தேகம் வந்தால், 'அதனால் முடியவில்லை' என்று மனதுக்குள் சேர்த்துப் பாருங்கள். டீ நன்றாக இருக்கிறது, அதனால் குடிக்க முடியவில்லை? பொருந்தவில்லை. அப்போ வெரி குட்தான்.

'யூ ஆர் டூ கைண்ட்' போன்றவை விதிவிலக்கு, அது உபசார வார்த்தை.

தேவையான அளவு இருக்கிறது என்றால் இனஃப். இடம்தான் கொஞ்சம் வம்பு: 'ஹாட் இனஃப்' என்று பண்புச்சொல்லுக்குப் பின்னால் வரும், 'இனஃப் சுகர்' என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும். 'இனஃப் ஹாட்' என்று யாரும் சொல்வதில்லை.